பக்கம் முழுவதும் வேண்டாம், அந்த நெடுவரிசை போதும்

சென்ற மாதம் வேறொரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் தோழி ஒருவர், தாம் தொகுத்த சொற்பட்டியலை எனக்கு அனுப்பி, ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். முண்டா மொழிகள் சிலவற்றின் அடிப்படைச் சொற்கள் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு எண்ணிக்கையாகக் காட்டுவது அவருடைய கட்டுரையின் நோக்கம். கட்டுரைச் சுருக்கம் ஒரு கருத்தரங்கில் ஏற்கப்பட்டுவிட்டது. பட்டியலின் நான்காவது மொழி, தன் கிளையின் மற்ற மொழிகளிலிருந்து எதிர்பாராத தொலைவில் நின்றது. அந்தத் தொலைவுதான் கட்டுரையின் கண்டுபிடிப்பு.

பட்டியலில் ‘மயிர்’ என்ற சொல்லுக்கு நேரே அந்த மொழியில் ‘லுதுர்’ என்று இருந்தது. சந்தாலியிலும் முண்டாரியிலும் ஹோவிலும் லுதுர் என்றால் காது. பொருள் மாற்றம் நிகழ்ந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மொழியியல் படித்தவர்களுக்கு இந்த நோய் உண்டு. எந்தப் பிழையைக் கண்டாலும் அதற்கொரு வரலாற்று விளக்கம் மனத்தில் முளைத்துவிடும். ஆனால் ‘காது’க்கு நேரே பல்லைக் குறிக்கும் சொல்லும், ‘பல்’லுக்கு நேரே வாயைக் குறிக்கும் சொல்லும் இருந்தன. மொழி மாறவில்லை. நெடுவரிசை ஒரு படி கீழே இறங்கியிருந்தது.

அவர் கவனக்குறைவானவர் அல்லர். நம்மில் பலரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஸ்கேன் செய்த பக்கத்தை முழுதாக எழுத்துணரிக்குக் கொடுத்து, வந்த உரையிலிருந்து வேண்டிய நெடுவரிசைகளைப் பிரித்துத் தாளில் ஒட்டினார். இந்த வழக்கம் தவறு என்பதே என் கருத்து. அட்டவணையாக அச்சிடப்பட்ட பக்கத்தில், நமக்கு எந்தப் பகுதி வேண்டுமோ அதை முதலில் வரையறுத்து, அந்தப் பகுதியில் மட்டுமே எழுத்துணரியை ஓட்ட வேண்டும். வரையறுத்த எல்லையைத் தரவோடு சேர்த்துப் பதிவு செய்யவும் வேண்டும். பலர் இதை வேலையைக் குறைக்கும் குறுக்குவழியாகவே பார்க்கிறார்கள். உண்மையில் இதற்குத்தான் வேலை அதிகம்.

மூலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கிரியர்சனின் இந்திய மொழியியல் கணக்கெடுப்பு 1903 முதல் 1928 வரை 11 தொகுதிகளாக வெளிவந்தது. அவற்றில் 1906-இல் வந்த நான்காம் தொகுதி முண்டா மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உரியது. அதைத் தொகுத்தவர் நார்வே நாட்டு அறிஞர் ஸ்டென் கோனோ. கணக்கெடுப்பில் ஒவ்வொரு மொழிக்கும் 241 சொற்களும் தொடர்களும் கொண்ட ஒரே பட்டியல் பயன்படுத்தப்பட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணுப்பெயர்களில் தொடங்கி, 32-இல் கை, பிறகு கால், மூக்கு, கண், வாய், பல், காது என்று உறுப்புகளுக்கு வரும் பட்டியல் அது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், அதற்கு நேரே ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நெடுவரிசை. மனிதக் கண்ணுக்கு இதைவிடத் தெளிவான அமைப்பு இல்லை. எழுத்துணரிக்கு இதைவிடக் குழப்பமான அமைப்பும் அதிகம் இல்லை.

ஏன் என்று பார்க்கலாம். நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெசராக்ட் நிரல், எழுத்துகளைப் படிப்பதற்கு முன் பக்கத்தின் அமைப்பைத் தானே ஊகிக்கிறது. எந்தக் கட்டளையும் தராவிட்டால் அது `--psm 3` என்ற முறையில் ஓடும். வெற்றிடங்களைப் பார்த்து, இங்கே ஒரு பத்தி, இங்கே இன்னொரு பத்தி என்று தானே முடிவு செய்யும் முறை அது. செய்தித்தாளுக்கும் நூலுக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது. சொற்பட்டியலில் நிலைமை வேறு. ஒரு நெடுவரிசையில் சொற்கள் குறுகியவை, இடைவெளி அகலமாக இருக்கும். அடுத்ததில் சொற்கள் நீண்டு, இடைவெளி சுருங்கிவிடும். ஆகவே ஒரே பக்கத்தின் மேற்பாதியை நெடுவரிசைகளாகவும் கீழ்ப்பாதியைக் குறுக்காக ஓடும் வரிகளாகவும் அது படித்துவிடக் கூடும். இடையில் உள்ள செங்குத்துக் கோடு சில இடங்களில் எழுத்தாக மாறும். சொல்லுக்குப் பின் வரும் புள்ளிவரிசை வேறு குறிகளாக மாறும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள் என்பதால் திருத்திவிடலாம்.

எனக்கு அச்சம் தருவது கண்ணுக்குத் தெரியாத பிழை. தோழியின் பட்டியலில் ஒரு சொல்லும் தவறாகப் படிக்கப்படவில்லை. எழுத்துணரியின் தரத்தை நாம் அளப்பது நூறு எழுத்துகளில் எத்தனை பிழை என்ற கணக்கால். அந்தக் கணக்கில் அவருடைய நான்காம் நெடுவரிசை ஏறக்குறைய முழு மதிப்பெண் பெற்றிருக்கும். ஒவ்வொரு சொல்லும் சரி; நிற்கும் இடம்தான் தவறு. சொல்லையும் பொருளையும் இணைப்பதுதானே சொற்பட்டியல்? அந்த இணைப்பு அறுந்த பிறகு எழுத்துச் சுத்தத்தால் பயனில்லை.

இனி, பகுதியை மட்டும் எடுக்கும் முறைக்கு வருகிறேன். முதலில் எதிலிருந்து வெட்டுகிறோம் என்பது முக்கியம். பலரும் கணினித் திரையில் பக்கத்தைத் திறந்து, வேண்டிய பகுதியைத் திரைப்பிடிப்பாக எடுத்து எழுத்துணரிக்குத் தருகிறார்கள். திரையில் தெரிவது மூலப்படத்தின் சுருக்கப்பட்ட வடிவம். அங்குலத்துக்கு 300 படப்புள்ளி என்ற அளவில் படம் இருக்கும்போதுதான் டெசராக்ட் நன்றாகப் படிக்கிறது. திரைப்பிடிப்பில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நம் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை, எழுத்துணரிக்குத் தெரியும். குறிப்பாக உயிரெழுத்தின் மேலிடும் நெடிற்கோடும், மெய்யின் அடியிலிடும் புள்ளியும் முதலில் மறைந்துபோகும். ஆகவே வெட்டுவது எப்போதும் மூலப்படத்திலிருந்தே இருக்க வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தில் உள்ள நூல் என்றால் அதன் பிடிஎஃப் கோப்பை விட்டுவிட்டு, பக்கத்துக்கு ஒரு படமாகத் தரும் ஜேபி2 தொகுப்பை இறக்கிக்கொள்வது நல்லது. அந்தப் பிடிஎஃப்களில் எழுத்தும் பின்னணியும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்துச் சுருக்கப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து படத்தை நேராக உருவினால் அரைகுறை அடுக்குகள்தான் கைக்கு வரும்.

அடுத்தது சாய்வு. நாம் வரைவது நேரான செவ்வகம். பக்கமோ, தடித்த நூலை விரித்துவைத்து எடுத்த படம், சற்றே சாய்ந்திருக்கும். 3000 படப்புள்ளி உயரமுள்ள பக்கம் ஒரு பாகை சாய்ந்திருந்தால், மேல் விளிம்பில் சரியாக இருக்கும் எல்லை கீழ் விளிம்பை அடைவதற்குள் 52 படப்புள்ளி விலகிவிடும். நெருக்கி அச்சிட்ட அட்டவணையில் இரு நெடுவரிசைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியே அந்த அளவுக்கு இராது. விளைவு, பக்கத்தின் அடியில் நம் மொழியின் முதல் எழுத்துகள் வெட்டுப்பட்டு, அடுத்த மொழியின் எழுத்துகள் உள்ளே நுழையும். ஆகவே சாய்வை நீக்கிய பிறகே எல்லை வரைய வேண்டும். சாய்வு நீக்கிய படத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்து வைப்பதும் தேவை. ஏனெனில் நாம் பின்னால் குறிக்கப்போகும் எண்கள் அந்தப் படத்துக்குத்தான் பொருந்தும், மூலப்படத்துக்கு அல்ல. இதை ஒருமுறை மறந்து, இரண்டு நாள் குறித்த எண்களையெல்லாம் நானே தூக்கிப் போட்டிருக்கிறேன்.

எல்லையைக் குறிப்பதற்குப் பல வழிகள் உண்டு. சுட்டியால் செவ்வகம் வரையும் கருவிகள் எளியவை, ஒரே ஒரு பகுதிக்குப் போதுமானவை. ஆனால் வரைந்த செவ்வகம் சுட்டியோடு போய்விடுகிறது. உரைதான் மிஞ்சுகிறது, அது எங்கிருந்து வந்தது என்ற சுவடு மிஞ்சுவதில்லை. அதனால் நான் விரும்புவது டெசராக்டிலேயே இருக்கும், அதிகம் பேசப்படாத ஒரு பழைய வசதி. படத்தின் பெயரிலேயே `.uzn` என்ற நீட்சியோடு ஓர் உரைக்கோப்பை அருகில் வைத்தால், அதில் குறித்துள்ள பகுதிகளை மட்டுமே அது படிக்கும். `p251.png` என்ற படத்துக்கு `p251.uzn` என்ற கோப்பு. உள்ளே ஒரு பகுதிக்கு ஒரு வரி: இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம், அகலம், உயரம், இறுதியில் ஒரு பெயர்.

```
180 380 400 2600 English
1490 380 420 2600 Col4
```

பிறகு கட்டளை:

```
tesseract p251.png p251 --psm 4 tsv
```

இங்கே `--psm 4` என்பது இன்றியமையாதது. இயல்பான 3-ஆம் முறையில் ஓட்டினால் இந்தக் கோப்பை அது கண்டுகொள்ளாது. கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அப்படியே. எச்சரிக்கை எதுவும் வராது. பக்கம் முழுவதையும் படித்துக் கொடுத்துவிடும். கோப்பு ஏற்கப்பட்டதென்றால் திரையில் `UZN file … loaded.` என்று ஒரு வரி தோன்றும். அந்த வரியைக் காணாமல் விளைவை நம்ப வேண்டாம்.

படத்தை உண்மையாகவே வெட்டித் தனிக் கோப்பாக்குவது இன்னொரு வழி. அதுவும் சரிதான். ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. எழுத்தை ஒட்டி வெட்டினால் விளிம்பிலுள்ள எழுத்துகளைப் படிக்க எழுத்துணரி தடுமாறும். சுற்றிலும் ஒரு பத்துப் படப்புள்ளியாவது வெள்ளை விளிம்பு சேர்க்க வேண்டும். மற்றொன்று இதைவிடப் பெரிது. வெட்டிய படத்தில் கிடைக்கும் இடக்குறிப்புகள் அந்தத் துண்டின் மூலையிலிருந்து எண்ணப்பட்டவை. பக்கத்தில் அவை எங்கே என்று அறிய, வெட்டிய இடத்தின் எண்களை ஒவ்வொன்றோடும் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால், அடுத்து நான் சொல்லப்போகும் வேலை நடக்காது.

அந்த வேலைதான் இம்முறையின் உயிர்நாடி. அதோடு, இம்முறைக்கு எதிராக என் ஆய்வு வட்டத்தில் மூத்தவர் ஒருவர் எழுப்பிய வினாவுக்கும் அங்கேதான் விடை இருக்கிறது. அவர் கேட்டார்: “நெடுவரிசையைத் தனியே எடுத்தால் சொற்கள் குறுக்கே கலப்பது நின்றுவிடும், சரி. ஆனால் எந்தச் சொல் எந்த எண்ணுக்கு உரியது என்பதை நீங்களே அறுத்தெறிந்துவிட்டீர்களே. பக்கம் முழுவதையும் ஓட்டினால் அந்த உறவாவது ஓரளவு நிற்குமே?” நியாயமான வினா. நெடுவரிசையை எடுத்து, அதன் வரிகளை மேலிருந்து கீழாக எண்ணி, ஆங்கில வரிகளின் அருகில் ஒட்டினால் தோழிக்கு நேர்ந்ததே நேரும். ஒரு கட்டத்தில் இரண்டு வடிவங்கள் தரப்பட்டு அவை இரண்டு வரிகளாக மடங்கியிருந்தால், அதற்குப் பின் வரும் அனைத்தும் ஒரு படி இறங்கும். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அனைத்தும் ஒரு படி ஏறும். இரண்டும் ஒரே பக்கத்தில் நிகழ்ந்தால் மொத்த எண்ணிக்கை சரியாகவே வரும், நடுப்பகுதி மட்டும் பிசகியிருக்கும். ஆகவே வரிகளின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது போதுமான சோதனை அன்று.

வரிகளை எண்ணக் கூடாது. அவை நிற்கும் உயரத்தைப் பார்க்க வேண்டும். மேலே கொடுத்த கட்டளையின் இறுதியிலுள்ள `tsv`, ஒவ்வொரு சொல்லுக்கும் அது பக்கத்தின் மேல் விளிம்பிலிருந்து எத்தனை படப்புள்ளி கீழே இருக்கிறது என்பதை `top` என்ற தலைப்பில் தருகிறது. ஆங்கில நெடுவரிசைக்கும் மொழி நெடுவரிசைக்கும் ஒரே மேல் எல்லையையும் ஒரே உயரத்தையும் மேலே நான் கொடுத்தது இதனால்தான். இரண்டையும் அருகருகே வைத்தால் இவ்வாறு இருக்கும். இது அச்சிட்ட பக்கத்தின் நேர்படி அன்று. விளக்கத்துக்காக மேற்குறிகளை நீக்கி எளிமைப்படுத்தியிருக்கிறேன்.

```
top   English     top   Col4
1226  Nose        1229  mu
1288  Eye         1290  med,
                  1352  met
1412  Mouth       1415  mocha
1474  Tooth       1477  data
1536  Ear         1539  lutur
1598  Hair        1601  ub
```

வரிக்கு வரி 62 படப்புள்ளி இடைவெளி. மொழி நெடுவரிசையின் ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய ஆங்கிலச் சொல்லிலிருந்து இரண்டு மூன்று படப்புள்ளிதான் விலகியிருக்கிறது. 1352-இல் நிற்கும் சொல்லுக்கு நேரே ஆங்கிலத்தில் எதுவும் இல்லை. ஆகவே அது தனக்கு மேலுள்ள ‘கண்’ணின் தொடர்ச்சி, இரண்டாவது வடிவம். வரிகளை மட்டும் எண்ணியிருந்தால் அந்தச் சொல் ‘வாய்’க்குப் போயிருக்கும், லுதுர் மயிருக்குப் போயிருக்கும். தோழியின் பட்டியலில் நடந்தது துல்லியமாக இதுதான். விதி எளியது: ஒரு சொல் ஏதேனும் ஓர் ஆங்கிலச் சொல்லின் உயரத்துக்குப் பதினைந்து படப்புள்ளிக்குள் நின்றால் அதற்கு உரியது; அப்படி எதுவும் இல்லையென்றால் தனக்கு மேலுள்ள வரிசையின் தொடர்ச்சி. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டம் வெறுமை, அல்லது எழுத்துணரி அதை விட்டுவிட்டது. இவ்விரண்டில் எது என்பதைக் கண்ணால் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

சாய்வை நீக்க வேண்டும் என்று முன்பு சொன்னதற்கு இன்னொரு காரணமும் இங்கே தெரிகிறது. ஆங்கில நெடுவரிசைக்கும் கடைசி மொழிக்கும் இடையே 2000 படப்புள்ளி தூரம் இருந்தால், ஒரு பாகைச் சாய்வு அவற்றின் உயரத்தில் 35 படப்புள்ளி வேறுபாட்டை உண்டாக்கும். வரி இடைவெளியில் பாதிக்கும் மேல். அந்நிலையில் எந்தச் சொல் எந்த வரிசைக்கு உரியது என்று உயரத்தைக் கொண்டு சொல்ல இயலாது. நெடுவரிசைக்கு நெடுவரிசை விலகல் சீராகக் கூடிக்கொண்டே போனால், முதலாவதில் 3, மூன்றாவதில் 15, ஐந்தாவதில் 28 என்று வந்தால், சாய்வு முழுதாக நீங்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

அப்படியானால் இன்னும் நுணுக்கமாகப் போய், ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே எடுத்துப் படித்தால் என்ன என்று கேட்கலாம். நானும் அந்த ஆசையில் விழுந்தவன்தான். கட்டத்துக்கு ஒரு செவ்வகம் என்றால் வரிசைக் குழப்பமே எழாது. ஆனால் எழுத்துணர்தல் கெட்டுப்போகிறது. நம் சொற்களில் பல இரண்டெழுத்துச் சொற்கள். ஒரே ஒரு குறுஞ்சொல்லை மட்டும் கொடுத்தால், எழுத்தின் அடிக்கோடு எங்கே, சிற்றெழுத்தின் உயரம் எவ்வளவு என்று ஒப்பிட்டு அறிய எழுத்துணரிக்கு வேறெதுவும் இல்லை. ரோமன் எழுத்தில் சிறிய o-வும் பெரிய O-வும், சிறிய s-உம் பெரிய S-உம் உயரத்தால் மட்டுமே வேறுபடுபவை. அதைவிட மோசமானது, செவ்வகத்தின் மேல் எல்லை சற்றுத் தாழ்ந்தால் நெடிற்கோடு வெட்டுப்படும். கீழ் எல்லை சற்று உயர்ந்தால் அடிப்புள்ளி போகும். நெடில் குறிலாகும், நாமடி மெய் பல்லின மெய்யாகும். இதுவும் கண்ணுக்குத் தெரியாத பிழைதான். வந்திருப்பது முற்றிலும் நம்பத்தக்க ஒரு சொல்லாக இருக்கும். பக்கம் மிகப் பெரிது, கட்டம் மிகச் சிறிது. என் அனுபவத்தில் இப்பட்டியல்களுக்குப் பொருந்திய அளவு நெடுவரிசைதான்.

இம்முறை எதைத் தீர்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்குறியிட்ட ரோமன் எழுத்துகளை ஆங்கிலத்துக்கான மாதிரி, அதாவது `-l eng`, அறியாது. நெடிற்கோட்டை அது பெரும்பாலும் விழுங்கிவிடும். எத்தனை நேர்த்தியாகப் பகுதி பிரித்தாலும் இது மாறாது. பகுதி பிரித்ததன் பயன் ஒன்று இங்கே உண்டு: ஆங்கில நெடுவரிசையை ஆங்கில மாதிரியாலும், மொழி நெடுவரிசைகளை `script/Latin` போன்ற பரந்த மாதிரியாலும் தனித்தனியே படிக்கச் செய்யலாம். ஆங்கில மாதிரி, தான் அறிந்த சொற்களை நோக்கிச் சாய்வது. கை என்பதற்கு முண்டா மொழிகளில் வரும் `ti` என்ற சொல்லை அது எனக்கு ஒருமுறை `it` என்று திருத்திக் கொடுத்தது. பரந்த மாதிரியில் அந்தச் சாய்வு குறைவு. ஆயினும் அடிப்புள்ளிகளைக் கையால்தான் சரிபார்த்தேன், வேறு வழி இருக்கவில்லை.

இன்னோர் இழப்பும் உண்டு. நெடுவரிசையின் தலைப்பு பெரும்பாலும் நம் செவ்வகத்துக்கு வெளியே நின்றுவிடும். அத்தலைப்பில் மொழியின் பெயரோடு, அடைப்புக்குறிக்குள் சொற்கள் திரட்டப்பட்ட மாவட்டத்தின் பெயரும் பல இடங்களில் இருக்கும். அதை விட்டுவிட்டுத் தாளில் மொழிப்பெயரை மட்டும் எழுதினால், ஒரு வட்டார வழக்கு முழு மொழிக்கும் சான்றாகிவிடும். அடிக்குறிப்புகளும் அப்படியே. வெட்டுவதற்கு முன் பக்கத்தை ஒருமுறை முழுதாக மனிதக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. பக்கம் முழுவதையும் எழுத்துணரியிடம் ஒப்படைப்பவர்கள்தாம் பக்கத்தைப் பார்க்காமலே தப்பித்துவிட முடிகிறது.

மொழியியலாளர் என்ற முறையில் நமக்கு மட்டும் வாய்த்த ஒரு சோதனை உண்டு. நான் லுதுரைப் பிடித்ததும் அதனால்தான். உறவுடைய மொழிகளில் அதிகம் மாறாத சில சொற்களைத் தேர்ந்துகொண்டு, அவை ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்ப்பது. முண்டா மொழிகளுக்குக் கையும் மூக்கும் காதும் நல்ல நங்கூரங்கள். மூன்று மொழிகளில் காதின் வரிசையிலும், நான்காவதில் அதற்கு அடுத்த வரிசையிலும் லுதுர் வந்தால் மணி அடித்துவிட வேண்டும். ஆனால் இதை எச்சரிக்கை மணியாக மட்டுமே கொள்ள வேண்டும், திருத்தும் கருவியாக அல்ல. ‘இங்கே லுதுர்தான் வந்திருக்க வேண்டும்’ என்று நாமே சொல்லை நகர்த்தினால், மொழிகள் ஒத்திருக்கின்றன என்ற முடிவை நாமே தரவுக்குள் எழுதிவிட்டு, பிறகு அதையே கண்டுபிடிப்பாக அறிவிப்போம். நகர்த்துவதற்குச் சான்று பக்கத்தில் அச்சொல் நிற்கும் உயரம் ஒன்றுதான்.

இங்கேதான் எல்லையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற என் வற்புறுத்தல் வருகிறது. இன்று பொதுவெளியில் பகிரப்படும் பல சொற்பட்டியல்களில் ‘மூலம்: இன்ன தொகுதி, இன்ன பக்கம்’ என்பதோடு சான்று நின்றுவிடுகிறது. பக்கத்தில் எங்கே, எந்தப் படத்திலிருந்து, எந்த மாதிரியால் படிக்கப்பட்டது என்பது இல்லை. களப்பணியில் ஒரு சொல்லைப் பதிவு செய்தால் ஒலிக்கோப்பில் அது எந்த நொடியில் வருகிறது என்று குறிக்காமல் நாம் விடுவதில்லை. அச்சிட்ட மூலத்துக்கு மட்டும் அந்த ஒழுங்கு ஏன் தளர்கிறது என்பது எனக்குப் புரியவில்லை. நான்கு எண்கள்தாம் வேண்டும்: இடம், மேல், அகலம், உயரம். அவை இருந்தால், ஐயம் கொள்ளும் எவரும் அந்தப் படத்தின் அந்த மூலையைத் திறந்து பார்த்துவிடலாம். கட்டுரையாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.

தோழி கருத்தரங்கிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை. தலைப்பை மாற்ற ஏற்பாட்டாளர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு, பட்டியலை மீண்டும் எடுத்தார். சாய்வு நீக்கி, நெடுவரிசை நெடுவரிசையாக எல்லை குறித்து, உயரத்தால் பொருத்திய பிறகு நான்காம் மொழி தன் உறவினர்களின் அருகில் வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்பாராத தொலைவு போயிற்று. அதோடு கண்டுபிடிப்பும் போயிற்று. அவருக்கு அது எளிதாக இருந்திருக்காது. புதிய தாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் நான்கு எண்கள் கொண்ட நெடுவரிசைகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு, நூலின் மடிப்பருகே மங்கிப்போன ஒரு கட்டத்தை நேற்று இருவரும் அவரவர் ஊரிலிருந்து திறந்து பார்த்தோம். அடியில் புள்ளி இருக்கிறது என்றேன் நான். அது தாளின் கறை என்றார் அவர். அந்தக் கட்டத்தில் இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறார்.